தோளிலும் முட்டியிலும் ஏன் கடிக்கிறது? காட்டு நடைக்கான உடை பற்றி

காட்டு நடை முடிந்து திரும்புகிறவர்களின் உடம்பில் கொசுக்கடித் தடிப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பது என் பழக்கம். முழுக்கை, முழுக்கால் உடை போட்டவர்களுக்கும் கடி இருக்கும். அது கண்ட இடத்தில் இருக்காது. தோள்பட்டையின் பின்புறம், முதுகின் மேல்பகுதி, முழங்கை, முட்டிக்குச் சற்று மேலே, உட்காரும் இடம் என்று பெரும்பாலும் ஒரே வரிசைதான். துணி தோலோடு ஒட்டிக் கிடக்கிற இடங்கள் இவை. உடை முழுக்க மூடியிருந்தும் அந்த இடங்களில் மட்டும் ஏன் மூடவில்லை என்று தேடப் போனதில்தான் துணியை வாங்கும் முறையே எனக்கு மாறியது.

கொசுவின் உறிஞ்சுகுழல் என்று நாம் பார்ப்பது ஓர் உறை. அதற்குள் ஆறு ஊசிகள் ஒரு கட்டாக இருக்கின்றன. கடிக்கும்போது உறை வெளியிலேயே மடங்கிப் பின்வாங்கும். ஊசிக்கட்டு மட்டும் உள்ளே இறங்கும். அது நம் தலைமுடியைவிட மெல்லியது, நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இந்த இரண்டு விவரமும் தெரிந்தால் கொசுவைத் துணி தடுப்பதற்கு இரண்டே வழிதான் என்பது புரியும். ஒன்று, இழைகளுக்கு நடுவே ஊசிக்கட்டு நுழைய இடம் இருக்கக்கூடாது. அல்லது, தோலுக்கும் துணிக்கும் நடுவே ஊசியின் நீளத்தைவிடக் கூடுதலான இடைவெளி இருக்கவேண்டும். தளர்வான சட்டை காக்கிறது என்று சொல்வது இரண்டாவது வழி. ஆனால் பையின் பட்டை அழுத்துகிற இடத்தில் அந்த இடைவெளி செத்துப்போகிறது. உட்காரும்போது தொடையிலும், கையை மடக்கும்போது முழங்கையிலும் அப்படியே. வியர்வையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டிவிட்டால் தளர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே ஒட்டும் இடங்களில் நெசவுதான் காக்கவேண்டும். இங்கே முதலில் பிரிக்கவேண்டியது நெய்த துணியையும் பின்னல் துணியையும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ், உடற்பயிற்சி உடைகள், சாதாரணக் காலுறை எல்லாம் பின்னல். ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து போகிறது. இழுத்தால் கண்ணிகள் வாய் திறக்கும். அதனால்தான் அது உடம்போடு நீட்டிக் கொடுக்கிறது, அதனால்தான் கொசுவுக்கும் வழிவிடுகிறது. கால் முழுக்க மூடுகிற லெக்கிங்ஸ் அணிந்தவர் அரைக்கால் உடை போட்டவர் அளவுக்கே கடி வாங்குவது உண்டு. நெய்த துணியில் பாவு நூலும் ஊடு நூலும் மாறி மாறிக் குறுக்கே ஓடி ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. அதிலும் தளர்ந்த நெசவு உண்டு: கோடைக்கென்று விற்கும் மெல்லிய லினன், மல் துணி போன்றவை கொசுவுக்குப் பெரிய தடையில்லை. நெருக்கமாக நெய்த பாப்ளின், மெல்லிய நைலான், பாலியஸ்டர் கலந்த பருத்தி ஆகியவை நல்ல தடை.

ஜீன்ஸ் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கனமான, நீட்டிக் கொடுக்காத பழைய வகை ஜீன்ஸ் கொசுவை நன்றாகவே தடுக்கும். ஆனால் நனைந்தால் காய நாளாகும், ஏற்றத்தில் முட்டியை மடக்க விடாது. இப்போது கிடைப்பவற்றில் பாதி, ஸ்பான்டெக்ஸ் கலந்து உடம்போடு பிடிப்பாகத் தைத்த மெல்லிய ரகம். அதை நான் ஜீன்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை.

துணியைச் சோதிக்க கடையிலேயே சில நிமிடம் போதும். நடக்கும்போது முட்டிமேல் இழுபடும் அளவுக்குத் துணியைக் கையால் இழுத்துப் பிடித்து, பின்னாலிருந்து கைபேசி விளக்கை அடியுங்கள். ஒளி பொதுவாகப் பரவித் தெரிந்தால் கவலையில்லை. ஊசிப்புள்ளிகளாகத் தெறித்தால் அந்தத் துணி ஒட்டும் இடங்களில் உதவாது. துணியை இழுக்காமல் பார்த்தால் எல்லாமே நன்றாகத் தெரியும், அதனால் இழுப்பதுதான் சோதனையின் உயிர். அடுத்து, துணியை வாயோடு அழுத்தி ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போனால் நெசவு தளர்வு. காற்றே போகவில்லையென்றால் அதுவும் வேண்டாம்: உள்ளே வெந்து, வியர்த்து, ஒட்டி, கடைசியில் கையை மடித்துச் சுருட்டிவிடுவீர்கள். சுருட்டிய கைக்கு எந்த நெசவும் காவல் இல்லை. சற்று முயன்று ஊதினால் வெதுவெதுப்பாக மறுபக்கம் வருகிற துணிதான் எனக்குப் பிடித்தது.

சட்டையில் நான் பார்ப்பது தோள்பட்டையை. வழக்கமான தையலில் தோளின் குறுக்கே பின்புறம் இரட்டைத் துணி வைத்திருப்பார்கள். அழகுக்கு என்று நினைப்பது, பைப்பட்டை அழுத்தும் இடத்தில் இன்னொரு அடுக்காக நிற்கிறது. நடைக்கென்று விற்கும் சில சட்டைகளில் அதே இடத்தில் காற்றோட்டத்துக்காக வலைத்துணி வைத்து, மேலே ஒரு மடிப்பைப் போட்டு மறைத்திருக்கிறார்கள். மடிப்பைத் தூக்கி வலையின் கண்ணைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய கண்ணாக இருந்தால் சிறு கடி ஈக்கள் தாராளமாக நுழையும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த ஈக்கள் சாதாரணக் கொசுவலையையும் கடந்துவிடும். அவை நிறைந்த ஈரக்காட்டுக்குப் போகிறவர்கள் தலைவலையிலும் அதைவிட நெருக்கமான கண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். தலைவலை மட்டும் கறுப்பாக இருக்கட்டும். வெளிர் வலை வெளிச்சத்தைத் தெறித்துக் கண்ணை மறைக்கும், கறுப்பு வலைவழியே பாதை தெளிவாகத் தெரியும்.

கீழே இருந்து ஏறி வருகிறவற்றுக்குக் கணக்கு வேறு. உண்ணி பறப்பதில்லை, குதிப்பதுமில்லை. புல்நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகும் காலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதற்குத் துணியைத் துளைக்க வேண்டிய தேவை இல்லை, துணி முடியும் இடம்தான் தேவை. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகினால் அது துணியின் வெளிப்பக்கமாகவே வெகுதூரம் நடக்கவேண்டி வரும். அதற்குள் நாம் பார்த்துவிடலாம். சட்டையையும் இடுப்புக்குள் செருகவேண்டும். வழவழப்பான நைலானில் அதற்குப் பிடி குறைவு, கம்பளி போன்ற மயிர்த்துணியில் பிடி அதிகம். அட்டைக்கும் இதே முறைதான், ஆனால் பின்னல் காலுறையின் விரிந்த கண்ணிவழியே மெல்லிய அட்டை உடம்பை நீட்டிப் புகுந்துவிடும். முட்டிவரை வரும் நெருக்கமான நெய்த துணிக்காலுறையை மேலே போட்டுக் கட்டுவது அதற்காகத்தான். அட்டையும் உண்ணியும் பூச்சி இனமே இல்லை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், காலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நிறத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் கடித்தது வேறு பூச்சி. 2022இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடிஸ் எஜிப்டி கொசுக்களை வைத்துச் செய்த சோதனையில், நம் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு வாடை பட்ட பிறகு கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சைநீலம் ஆகிய நிறங்களை நோக்கிப் போயின. பச்சை, ஊதா, நீலம், வெள்ளை ஆகியவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாடை வராதபோது எந்த நிறத்திலும் அவற்றுக்கு அக்கறை இல்லை. மனிதத் தோல் எந்த நிறமாக நமக்குத் தெரிந்தாலும், அதிலிருந்து கண்ணுக்கு எட்டும் ஒளியில் சிவப்பு, ஆரஞ்சுப் பகுதியே மிகுதி. ஆக, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கையை வெளியே நீட்டினால் கொசு எங்கே உட்காரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதே நீலம் வேறு ஈக்களிடம் எதிராகப் போகிறது. ஆப்பிரிக்காவின் செட்சி ஈயைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீலத்திலும் கறுப்பிலும்தான் செய்யப்படுகின்றன. குதிரைகளையும் மாடுகளையும் மொய்க்கும் பெரிய கடி ஈக்களும் அடர்நிறத்தையும் நீலத்தையும் நோக்கி வரும், அதுவும் நகர்கிற பொருளென்றால் இன்னும் வேகமாக. தேனீயும் குளவியும் மிரண்டால் கறுப்பானவற்றை முதலில் தாக்கும். தேன் எடுப்பவர்களின் பாதுகாப்பு உடை வெள்ளையாக இருப்பது இதனால்தான். உண்ணிக்கு நிறம் ஒரு பொருட்டில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 2005இல் ஸ்வீடனில் வெளிவந்த சிறிய ஆய்வொன்று வெளிர் உடையில்தான் அதிக உண்ணிகள் ஏறின என்று கண்டது. இருந்தாலும் நான் வெளிர் கால்சட்டையைத்தான் போடுகிறேன். ஏறியது இரண்டு கூடுதலாகவே இருக்கட்டும், கசகசா அளவுள்ள இளம் உண்ணி கறுப்புத் துணியில் ஏறினால் அதைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வெளிர்காக்கி, மணல்நிறம், வெளிர்ச்சாம்பல். நீலம் மட்டும் வேண்டாம், கறுப்பு கட்டாயம் வேண்டாம். அதற்குமேல் நிறத்தில் நேரம் செலவழிப்பது வீண். நெசவு தரும் பலனில் நிறம் தருவது சிறு பங்குதான்.

மருந்தேற்றிய துணிக்கு வருகிறேன். இதில் பெரும்பாலும் பயன்படுவது பெர்மெத்ரின். சாமந்தி இனப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செய்த செயற்கைப் பொருள். 1973இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு உருவாக்கியது. பூச்சியின் நரம்புகளில் சோடியம் போகும் வழியை மூடவிடாமல் திறந்தே வைத்து, அதைத் துடிக்கவைத்து வீழ்த்தும். இது வாடையால் விரட்டுகிற பொருள் அல்ல, தொட்டால்தான் வேலை செய்யும். மருந்தேற்றிய சட்டை போட்டுக்கொண்டால் முகத்திலும் புறங்கையிலும் கடிக்காது என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். மூடாத தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் என்ற பூச்சிவிரட்டியைத் தனியாகப் பூசித்தான் ஆகவேண்டும். டீட் பூசிய கை ஸ்பான்டெக்ஸ், ரேயான், பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றைக் கெடுக்கும். பருத்தியையும் நைலானையும் ஒன்றும் செய்யாது.

ஆலையில் மருந்தேற்றி வரும் துணியில் அது இழையோடு பிணைக்கப்பட்டிருக்கும். 70 சலவை வரை தாங்கும் என்று விற்கிறார்கள். வீட்டில் தெளித்தால் சுமார் 6 சலவை அல்லது 6 வாரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிணைப்பு ஒரு காரணம். இன்னொன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: வீட்டில் நாம் ஏற்றும் மருந்தே மிகக் குறைவு. அமெரிக்கப் படைவீரர் சீருடைக்கு வைத்த அளவு சதுர மீட்டருக்கு 1.25 கிராம். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கால்சட்டை ஒன்றைக் கணக்கிடுகிறேன்.

கால்சட்டையின் உலர்ந்த எடை 380 கிராம். நுனியை மடித்துத் தைத்தபோது வெட்டிய துண்டில் 10 சென்டிமீட்டர் சதுரம் எடுத்து நிறுத்தால் 1.9 கிராம், ஆகவே சதுர மீட்டருக்கு 190 கிராம், கால்சட்டை முழுதும் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் துணி. துணிக்கென்று விற்கும் தெளிப்பான் 0.5 சதவீதக் கரைசல், அதாவது ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் மருந்து. 90 மில்லி தெளித்தால், காற்றில் போனதை மறந்துவிட்டாலும், 450 மில்லிகிராம். இரண்டு சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.23 கிராம்கூட இல்லை. சீருடை அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

முக்கி எடுப்பதற்கென்று விற்கும் அதே 0.5 சதவீதக் கரைசலில் அதே கால்சட்டையை முக்கிப் பிழிந்தால் எடை 680 கிராம் ஆகிறது. 300 மில்லி உள்ளே நிற்கிறது. 1,500 மில்லிகிராம் மருந்து. சதுர மீட்டருக்கு 0.75 கிராம். தெளித்ததைவிட மூன்று மடங்குக்கு மேல். முக்குவதா தெளிப்பதா என்பதைப் பாட்டிலின் குறிப்புதான் முடிவு செய்யவேண்டும், நம் ஆசை அல்ல. பயிருக்கு அடிக்கும் செறிவான மருந்தை வாங்கி நீர் கலந்து துணியை முக்குகிறவர்கள் உண்டு. அதிலுள்ள கரைப்பான்கள் தோலோடு நாள்முழுக்கக் கிடக்கும் துணிக்கானவை அல்ல; அதைச் செய்யாதீர்கள்.

தெளிப்பான் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதே 90 மில்லியை எங்கே இடுவது என்று யோசித்தால் போதும். முட்டிக்குக் கீழுள்ள பகுதி மொத்தத் துணியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அங்கே மட்டும் தெளித்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.68 கிராம் கிடைக்கிறது. முக்கியதற்கு அருகே வந்துவிட்டது. உண்ணி ஏறும் இடமும் அதுதான். காலணிக்கும் காலுறைக்கும் மருந்திடுவது இன்னும் பலன் தரும்: 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், இவற்றில் மருந்திட்டவர்களுக்கு இளம் உண்ணி கடிப்பது ஏறக்குறைய 74 மடங்கு குறைந்தது. சட்டையில் தெளிப்பதாக இருந்தால் கடி வாங்கும் தோளும் முழங்கையும் முதலில். உள்ளாடைக்கு வேண்டாம்.

கையுறையோடு, திறந்த வெளியில், காற்று அதிகம் இல்லாத நேரத்தில் தெளித்து, நிழலில் தொங்கவிட்டு முழுக்கக் காயவிடவேண்டும். காய்ந்தபின் வாடையும் இருக்காது, கையில் ஒட்டவும் செய்யாது. நம் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடும். பூனையின் உடம்பால் அது முடியாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரத்துணி இருக்கும் பக்கமே அதை விடக்கூடாது. மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் இது கொடிய நஞ்சு, அதனால் மிச்சக் கரைசலையும் முதல் அலசல் நீரையும் ஓடையிலோ குளத்திலோ கொட்டக்கூடாது. நடையின்போது மருந்தேற்றிய கால்சட்டையோடு ஓடையில் இறங்கி உட்காருவதையும் நான் அனுமதிப்பதில்லை. வெயில் மருந்தைச் சிதைக்கும், உலர்சலவை கழற்றிவிடும். குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, நிழலில் காயவைத்து, இருண்ட பையில் கட்டி வைத்தால் அதிக நாள் நிற்கும். மருந்தில்லாத உடையில் உண்ணி இருக்குமென்று சந்தேகப்பட்டால் முறை நேரெதிர்: வெதுவெதுப்பான நீரில் துவைத்தாலும் அது பிழைத்துக்கொள்ளும், உலர்ந்த துணியாக 10 நிமிடம் சூட்டு உலர்த்தியில் போட்டால் காய்ந்து சாகும்.

மருந்து இன்னும் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சலவைகளை எண்ணிவைப்பது ஒரு வழி. நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். மருந்திடும்போதே அதே துணியின் துண்டு ஒன்றையும் சேர்த்து மருந்திட்டு, துவைக்காமல் இருட்டில் வைத்துவிடுவேன். சந்தேகம் வரும்போது சில கொசுக்களைப் பிடித்து, கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்துத் துணிமேல் 3 நிமிடம் உட்காரவைத்து, பிறகு சுத்தமான கோப்பைக்கு மாற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பேன். கொசுவலைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களும் இந்த 3 நிமிடம், ஒரு மணி நேரக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. மூன்று துணிகளில் செய்யவேண்டும்: துவைத்துப் பழகிய உடை, இருட்டில் வைத்த துண்டு, மருந்தே இல்லாத துணி. மருந்தில்லாத துணியில் பட்டவையும் மல்லாந்து கிடந்தால் கொசுவை நாம் பிடித்த முறையே தவறு, மறுபடி செய்யவேண்டும். இருட்டுத் துண்டில் பட்டவை விழுந்து, உடையில் பட்டவை பறந்துகொண்டிருந்தால் உடையில் மருந்து போய்விட்டது, மறுபடி ஏற்றலாம். இருட்டுத் துண்டில் பட்டவையும் நலமாகப் பறந்தால், அந்தக் கொசுக்கள் பெர்மெத்ரினுக்குப் பழகிவிட்டவையாக இருக்கலாம். ஏடிஸ் கொசுக்களில் இது பல நாடுகளில் பரவலாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை முறை மருந்தேற்றினாலும் கொசுவுக்கு அது பெரிய தடை ஆகாது. காலணிக்கும் காலுறைக்கும் மட்டும் உண்ணிக்காக மருந்திட்டு, மேலே இரட்டைத் தோள் வைத்த நெருக்கமான நெசவுச் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன்.